விகுதியா, தொடரா? எழுத்துத் தமிழின் விறைப்பு பற்றி ஓர் ஆய்வு

ஒரு விறைப்பான பத்தியைக் கொடுத்து, இதைப் பேசுவது போல மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது வினைமுற்றில்தான். ‘வருகிறார்கள்’ என்பது ‘வர்றாங்க’ ஆகும். ‘படித்து’ என்பது ‘படிச்சு’ ஆகும். ‘ஒன்று’ என்பது ‘ஒண்ணு’ ஆகும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒலியிலும் விகுதியிலும் இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் விறைப்பு அங்கிருந்து வருவதில்லை, தொடரமைப்பிலிருந்து வருகிறது. பேச்சின் தொடரமைப்பு எழுத்து வழக்கின் விகுதிகளுக்குள்ளேயே சங்கடமில்லாமல் அமர்ந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊராட்சி அறிவிப்பு. இக்கட்டுரைக்காக நான் அமைத்துக்கொண்டது என்றாலும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் இப்படிப்பட்டதைக் கேட்காதவர்கள் குறைவு:

‘ஊராட்சிக்குட்பட்ட மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சுத்தம் செய்யப்படவிருப்பதால், வரும் வெள்ளிக்கிழமை காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படுகிறது. எனவே பொதுமக்கள் தங்களுக்குத் தேவையான குடிநீரை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

முதலில் விகுதிகளை மட்டும் மாற்றிப் பார்ப்போம்:

‘ஊராட்சிக்கு உட்பட்ட மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சுத்தம் செய்யப்பட இருக்கறதால, வர்ற வெள்ளிக்கிழமை காலைல 6 மணிலேருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படுது. அதனால பொதுமக்கள் தங்களுக்குத் தேவையான குடிநீரை முன்கூட்டியே சேமிச்சு வச்சுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுறாங்க.’

இப்படி யாரும் பேசுவதில்லை. முன்னதாவது ஓர் அலுவலகக் குரலாக ஒலித்தது. இது வேட்டி கட்டிக்கொண்டு மேலே கோட்டு மாட்டியது போல இருக்கிறது. இப்போது எதிர்த்திசையில் போவோம். எழுத்து விகுதிகளில் ஒன்றைக்கூட மாற்றாமல் தொடர்களை மட்டும் கலைத்து அடுக்கினால்:

‘வெள்ளிக்கிழமை தொட்டி கழுவுகிறோம். காலை 6 மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். மாலை 4 மணிக்கு மேல்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் வியாழக்கிழமை இரவே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.’

இதில் பேச்சுச் சொல் என்று ஒன்றும் இல்லை. பள்ளித் தேர்வில் எழுதினாலும் மதிப்பெண் குறையாது. ஆனால் இதை உரக்கப் படிக்கும் ஊர்க்காரர் தன்னையறியாமல் ‘கழுவுறோம்’, ‘தண்ணி நின்னுடும்’, ‘ராத்திரியே’, ‘புடிச்சு வச்சுக்குங்க’ என்று மாற்றிக்கொள்வார். சொற்களை இடம் மாற்ற வேண்டிய தேவை அவருக்கு வராது. ஒரு பத்தி இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. படிப்பவர் ஒலியையும் விகுதியையும், ‘இரவு’, ‘ராத்திரி’ போன்ற ஓரிரு சொல்லையும் மட்டும் மாற்றி அதைப் பேச்சாக்க முடிந்தால் அது இயல்பான எழுத்து. தொடரை உடைத்தால்தான் முடியும் என்றால் விறைப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதை எந்த நாவும் விகுதி மாற்றத்தால் மட்டும் மீட்டுவிட முடியாது.

மூல அறிவிப்புக்கும் நான் கலைத்து அடுக்கிய வடிவத்துக்கும் இடையில் என்னதான் நடந்தது? முதலாவது, ‘படு’ போயிற்று. பேச்சில் ‘படு’ இல்லாமல் இல்லை. கவலைப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், கஷ்டப்படுகிறோம். இவையெல்லாம் அனுபவத்தைச் சொல்பவை. செயப்பாட்டு வினைகள் அல்ல. செய்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லாதபோது பேச்சு வேறு வழிகளைக் கையாள்கிறது. எழுவாயே இல்லாமல் ‘தொட்டி கழுவுறாங்க’ என்று பலர்பாலில் முடிப்பது ஒரு வழி. பிறவினையை விட்டுவிட்டுத் தன்வினைக்குப் போவது மற்றொன்று. ‘நிறுத்தப்படும்’ என்பதன் இடத்தில் ‘நிற்கும்’, ‘உடைக்கப்பட்டது’ என்பதன் இடத்தில் ‘உடைந்தது’. நில்–நிறுத்து, திரும்பு–திருப்பு, ஓடு–ஓட்டு என்று இணை இணையாக வினைகளை வைத்திருக்கும் மொழிக்குச் செயப்பாட்டு வினையின் தேவை குறைவு.

இது இன்றைய பேச்சு கண்டுபிடித்த சலுகையும் அல்ல. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வழக்குக்குரிய மரபாக ஏற்றுக்கொள்கிறது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்கத் திண்ணையையே எழுவாயாக்கிச் சொல்வதை உரையாசிரியர்கள் அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். ஆகவே ‘படு’ நிறைந்த அலுவல் நடையை ‘இலக்கணத் தமிழ்’ என்றும், அதைக் களைவதைக் ‘கொச்சைக்கு இறங்குவது’ என்றும் நினைப்பதற்கு இலக்கணத்தில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது மாற்றம் காலத்தில். மூலத்தில் ‘செய்யப்படவிருப்பதால்’ என்று இருந்தது. வரப்போகும் செயல், ஆனால் முடிவாகிவிட்ட செயல். பேச்சு இதற்கு நிகழ்காலத்தைப் பயன்படுத்தும். ‘நாளைக்கு வர்றேன்’ என்றால் வருவது உறுதி. ‘நாளைக்கு வருவேன்’ என்றால் கேட்பவர் மனத்தில் சின்னதாய் ஓர் ஐயம் எழும். வந்தாலும் வரலாம் என்ற சாயல் அதில் உண்டு. எழுத்து வழக்கில் இந்த நுட்பம் பெரும்பாலும் மங்கி, எதிர்காலச் செயலுக்கு எதிர்கால வடிவம் என்ற பாடப்புத்தகப் பொருத்தமே மேலோங்கி நிற்கிறது. அதனால்தான் ‘தொட்டி கழுவுகிறோம்’ என்று நிகழ்காலத்தில் வைத்தேன். அது எடுத்த முடிவு. ‘நின்றுவிடும்’, ‘வரும்’ என்பவை அந்த முடிவால் நேரப்போகிறவை, அவற்றுக்கு எதிர்காலம் பொருந்துகிறது.

மூன்றாவதாகத் துணைவினை. இயல்பான தமிழுக்கும் விறைப்பான தமிழுக்கும் இடையில் மிக நுட்பமான வேறுபாடு இங்கேதான் என்று நினைக்கிறேன். ‘கண்ணாடி உடைந்தது’ என்று எழுதலாம். வீட்டில் கண்ணாடி உடைந்தால் அப்படிச் சொல்லமாட்டோம், ‘ஒடஞ்சிடுச்சு’ என்போம். நடந்து முடிந்ததை, அதுவும் கைமீறி முடிந்ததை, ‘விடு’ இல்லாமல் சொன்னால் பேச்சில் அது ஏதோ கதை சொல்வது போல இருக்கும். ‘தண்ணீர் நிற்கும்’ என்பதற்கும் ‘தண்ணீர் நின்றுவிடும்’ என்பதற்கும் அகராதிப் பொருளில் பெரிய பேதம் இல்லை. ஆனால் முன்னதைக் கேட்டால் தண்ணீர் எங்கோ தேங்கி நிற்பது போலவும் தோன்றலாம். பின்னதில் குழாய் வாய் வற்றுவது மட்டுமே தெரிகிறது. ‘பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதில் ‘வை’ பின்னால் உதவும் என்பதையும், ‘கொள்’ உங்களுக்காக என்பதையும் சொல்கின்றன. மூலத்தின் ‘முன்கூட்டியே’, ‘தங்களுக்குத் தேவையான’ என்ற இரண்டும் செய்ய வந்த வேலையை இந்தத் துணைவினைகளே செய்துவிட்டன. சுருக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. துணைவினையை மிகையென்று வெட்டிவிட்டு, அது சொன்னதைப் பெயரடையாகவும் வினையடையாகவும் திரும்பச் சேர்க்கிறார்கள்.

இரண்டாம் வேற்றுமை உருபையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘குடிநீரை’ என்று மூலம் சொன்னது; நான் ‘தண்ணீர் பிடித்து’ என்றேன். அஃறிணைப் பொருள் இன்னதென்று குறிப்பாகச் சுட்டப்படாதபோது ‘ஐ’ மறைந்து வரலாம் என்பது எழுத்து இலக்கணமும் ஒப்புக்கொண்டதுதான். ‘தண்ணீரைப் பிடித்து’ என்றால் எந்தத் தண்ணீரை என்ற கேள்வி பின்னாலேயே வரும். திருத்துபவர்கள் பாதுகாப்புக் கருதி எல்லா இடத்திலும் ‘ஐ’ போட்டுவிடுகிறார்கள். பிழையில்லை, ஆனால் வல்லினத்துக்கு முன் வரும் ஒவ்வொரு ‘ஐ’யும் பின்னால் ஒரு வல்லொற்றையும் இழுத்துக்கொண்டு வந்து நாவைத் தடுக்கிறது.

‘எனவே’, ‘மேலும்’, ‘மற்றும்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பேச்சில் ‘மற்றும்’ என்ற இணைப்பே கிடையாது, ‘உம்’மைதான் உண்டு. ‘எனவே’ என்பதன் வேலையைத் தொடர்களின் வரிசையே பார்த்துக்கொள்ளும்.

சரி, தொடர்தான் முக்கியம் என்றால் விகுதியையும் சேர்த்து மாற்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடுவது எழுத்துப் பரப்பு. ‘வருகிறேன்’ என்று எழுதினால் மதுரையில் ‘வர்றேன்’ என்றும் யாழ்ப்பாணத்தில் ‘வாறன்’ என்றும் அவரவர் படித்துக்கொள்வார்கள். ‘வர்றேன்’ என்று எழுதியவுடன் அது ஒரு வட்டாரத்தில் நின்றுவிடுகிறது. மேலும் நம் எழுத்துகள் இன்றைய பேச்சின் ஒலிகளைப் பதிவுசெய்வதற்கென்று வந்தவை அல்ல. ‘அவன்’, ‘மரம்’ என்ற சொற்களின் கடைசியில் பேச்சில் கேட்பது மெய்யெழுத்தல்ல, மூக்கொலியேறிய உயிர். அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. ‘காற்று’ என்பதைக் ‘காத்து’ என்று எழுதினால் அது காத்திருப்பதோடு குழம்பும். ‘கன்று’ என்பதைக் ‘கண்ணு’ என்று எழுதினால் கண்ணோடு குழம்பும். ‘மலை’யைப் பேச்சின்படி ‘மல’ என்று எழுதிப் பார்த்துவிட்டு, அவசரமாக அழித்தவர்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள்.

கி. ராஜநாராயணனின் எழுத்து இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படலாம். ‘கோபல்ல கிராமம்’ (1976) எழுதியவர், கரிசல் பேச்சையே கதை சொல்லும் நடையாக்கியவர், வட்டார வழக்குக்குச் சொல்லகராதியே தொகுத்தவர். உரையாடலிலும் இத்தகைய புனைவிலும் பேச்சின் ஒலிவடிவம் வேண்டியதுதான், அங்கே ஊர் தெரிய வேண்டும். ஆனால் அவர் எழுத்தில் நாம் கேட்கும் குரல் ஒலித்திரிபால் மட்டும் வந்ததா என்று பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதைசொல்லி மூச்சு விடும் இடம், சொல்லி முடித்தபின் ஞாபகம் வந்து சேர்க்கும் துண்டு, ‘தான்’ விழும் இடம் ஆகியவை விகுதிகளைத் திருத்தினாலும் அழியாதவை. பாரதியும் ‘பாஞ்சாலி சபத’த்தின் (1912) முன்னுரையில் எளிய சொல்லையும் எளிய நடையையும் மக்களுக்குப் பிடித்த மெட்டையும்தான் கேட்டார். காவியத்தில் வினைமுற்றுகள் எழுத்து வழக்கிலேயே நின்றன.

இந்த முறைக்கும் எல்லை உண்டு, மேலே நான் மாற்றியமைத்த அறிவிப்பே அதைக் காட்டுகிறது. மூலத்தில் ‘குடிநீர் விநியோகம்’ என்று இருந்ததைத் ‘தண்ணீர்’ என்று சுருக்கிவிட்டேன். பல ஊர்களில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் ஆற்றுநீர், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர். மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளில் இரண்டாவது நிற்காமல் இருக்கலாம். ‘தண்ணீர் நின்றுவிடும்’ என்று கேட்ட வீட்டில் துணி துவைப்பதற்கும் சேர்த்து அண்டா அண்டாவாக நிரப்பி வைப்பார்கள். ‘குடிநீர்’ என்ற சொல்லில் இருந்த துல்லியம் என் எளிமையில் தொலைந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ‘குடிநீர்’ என்ற சொல்லுக்கே போக வேண்டியதில்லை. அந்த ஊர்களில் அதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: காலை 6 மணிக்கு நல்ல தண்ணீர் நின்றுவிடும், உப்புத் தண்ணீர் வரும்.