எந்த அரசு?

பணி ஓய்வுக்குப் பின், போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களின் மாதிரி விடைத்தாள்களைத் திருத்தித் தரும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒரு முறை, 'அரசின் கூறுகளை விளக்குக' என்ற வினாவுக்கு ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: 'தமிழ்நாட்டுக்கு மக்கள் உண்டு, வரையறுத்த நிலப்பரப்பு உண்டு, அரசாங்கம் உண்டு. ஆகவே தமிழ்நாடும் ஓர் அரசு'. சிவப்பு மையால் அடித்துவிட்டு, பத்துக்கு மூன்று மதிப்பெண் வழங்கினேன். மறுநாள் அவர் அரசமைப்புச் சட்ட நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். 'ஐயா, 12-ஆவது பிரிவைப் பாருங்கள். அரசு என்பதில் மாநில அரசும் சட்டப்பேரவையும் அடங்கும் என்றுதானே இருக்கிறது?' என்றார்.

அவர் காட்டிய இடத்தில் அப்படித்தான் இருந்தது. வினா கேட்ட பொருளில் அவருடைய விடை தவறு. அவர் சுட்டிய பிரிவின் பொருளிலோ சரி. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் வெறும் கோடு போட்டது என் பிழை.

ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. அரசியல் கோட்பாட்டில் அது இறையாண்மை கொண்ட அரசு. நம் அரசமைப்பின் முதல் பிரிவில் அது மாநிலம். அடிப்படை உரிமைகளைப் பற்றிய பகுதியில், குடிமகனின் உரிமையை மீறக்கூடாது என்று கட்டுப்படுத்தப்படும் அதிகார அமைப்புகள் எல்லாவற்றையும் குறிக்கும் பொதுப்பெயர். தமிழில் 'மாநிலம்' என்ற தனிச்சொல் இருப்பதால் நமக்குக் குழப்பம் குறைவாக இருக்க வேண்டும். ஆனால், 'அரசு' என்ற சொல்லை அரசாங்கத்துக்கும், ஒன்றியத்துக்கும், மாநிலத்துக்கும், சில வேளைகளில் ஆளுங்கட்சிக்கும்கூடப் பயன்படுத்திப் பழகிவிட்டதால் அந்த வசதியை நாமே இழந்துவிட்டோம்.

முதல் பொருளை எடுத்துக்கொள்வோம். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை ஆகிய நான்கும் சேர்ந்ததே அரசு என்பது பாடநூல் மரபு. மாணவி முதல் மூன்றைச் சரியாகச் சொன்னார், நான்காவதை விட்டுவிட்டார். தமிழ்நாடு வேறொரு நாட்டுடன் தன் பெயரில் உடன்படிக்கை செய்துகொள்ள இயலாது. அது ஒன்றியத்தின் அதிகாரம். ஒரு மாநிலத்தின் எல்லையும் பெயரும்கூட அதன் கையில் இல்லை. அரசமைப்பின் 3-ஆவது பிரிவின்படி அவற்றை நாடாளுமன்றம் மாற்றலாம். அத்தகைய மசோதாவைக் குடியரசுத் தலைவர் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால், அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டப்பேரவை, மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா பிறந்தது. இறையாண்மை எங்கே இல்லை என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இதே வினாவுக்கு வேறு சிலர் 'தேசத்தின் நான்கு கூறுகள்' என்று தலைப்பிட்டு எழுதுகிறார்கள். தேசம் என்பது, தாங்கள் ஒரே மக்கள் என்று உணர்ந்த ஒரு கூட்டம். மொழி, வரலாறு, பண்பாடு, பொதுவான நினைவு போன்றவை அந்த உணர்வுக்கு அடிப்படை. அரசு என்பது சட்டமும் அதிகாரமும் கொண்ட அமைப்பு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியே தீர வேண்டும் என்பதில்லை. தங்களை ஒரே மக்களாகக் கருதும் கொரியர்களுக்கு இரண்டு அரசுகள். 1991 செப்டம்பர் 17 அன்று இரண்டும் ஒரே நாளில் ஐ.நா. உறுப்பினர்களாயின. துருக்கி, இராக், ஈரான், சிரியா ஆகியவற்றில் பரவி வாழும் குர்து மக்களுக்குத் தங்கள் பெயரில் ஓர் அரசு இல்லை.

இதில் மாணவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. அந்த உலக அமைப்பின் பெயரே ஐக்கிய நாடுகள். ஆங்கிலத்தில் 'ஐக்கிய தேசங்கள்'. ஆனால், அதன் சாசனத்தின் 4-ஆவது பிரிவு உறுப்பினராகும் தகுதியை அரசுகளுக்கே வழங்குகிறது. நம் மொழியிலோ 'நாடு' இன்னும் நெகிழ்வானது. சோழ நாடு, தொண்டை நாடு என்று பெருநிலங்களையும் குறித்தது. சோழர் ஆட்சியில் வளநாட்டுக்குள் அடங்கிய சிறு பிரிவையும் குறித்தது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனபோது, அந்தப் பெயர் இறையாண்மை எதையும் தரவில்லை, கேட்கவும் இல்லை. எனவே விடைத்தாளில் 'நாடு' என்று எழுதுபவர், தேசத்தையா, அரசையா, நிலப்பகுதியையா எதைச் சொல்கிறார் என்பதை அடுத்த சொல்லிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

இனி, ஒன்றியமும் மாநிலமும். 'ஒன்றிய அரசு' என்று எழுதலாமா, 'மத்திய அரசு' என்றுதான் எழுத வேண்டுமா என்று ஒவ்வோராண்டும் யாராவது கேட்கிறார்கள். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அரசமைப்பின் முதல் பிரிவு சொல்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 'மத்திய அரசு' என்பதற்கு வரையறை தருகிறது. இரண்டுக்கும் சட்ட அடிப்படை உண்டு. எதை எழுதினாலும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. 'ஒன்றியம்' என்றால் மாநிலங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளும் ஒப்பந்தக் கூட்டு என்று எழுதினால்தான் குறைக்க வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கியது இதற்கு நேர்மாறானது: இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு அன்று, ஆகவே விலகும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை, அதனால்தான் 'ஒன்றியம்' என்ற சொல். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு கிராமத்து மாணவர், 'ஒன்றிய அரசு' என்பதை உள்ளாட்சி அமைப்பு என்று எழுதியதையும் கண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. ஆனால், அவர் அறிந்த உலகில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்!

பெயரைவிடப் பெரிய பிழை அதிகாரத்தை இடம் மாற்றி எழுதுவது. பொருளாதார விடைகளில் நான் அடிக்கடி காணும் வாக்கியம் இது: '2021-இல் அரசு பெட்ரோல் மீதான வரியைக் குறைத்தது'. எந்த அரசு? அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. நவம்பரில் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. இரண்டும் நிகழ்ந்தவை, ஆனால், அவை வெவ்வேறு வரிகள்.

பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வரவில்லை. அதன் உற்பத்தியின்மீது கலால் வரி விதிப்பது ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் உள்ள அதிகாரம். அதன் விற்பனைமீது வரி விதிப்பது மாநிலப் பட்டியலில் உள்ள அதிகாரம். ஒரே லிட்டரில் இருவரின் வரியும் இருக்கிறது. மதுவில் நிலைமை வேறு: மனிதர் அருந்தும் மதுவின்மீது கலால் வரியும் விற்பனை வரியும் மாநிலத்துக்கே உரியவை. 'கலால் வரி என்றால் மத்திய அரசு' என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னும் ஒரு படி உண்டு. தமிழ்நாட்டின் பெட்ரோல் விற்பனை வரியில் ஒரு பகுதி லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை; மற்றொரு பகுதி விலையில் இத்தனை விழுக்காடு என்பது. அந்த விலைக்குள் ஒன்றியத்தின் கலால் வரியும் அடங்கியிருக்கிறது. ஆகவே, ஒன்றியம் 5 ரூபாயைக் குறைத்தபோது, மாநிலம் எந்த ஆணையும் பிறப்பிக்காமலேயே அதன் வரியும் சிறிது குறைந்தது. கலால் வருவாய் முழுவதும் மாநிலங்களோடு பகிரப்படுகிறது என்று எழுதுவதும் தவறு. அடிப்படைக் கலால் வரி பகிர்வுத் தொகுப்பில் சேரும். 'செஸ்' என்ற பெயரில் திரட்டப்படுவது 270-ஆவது பிரிவின்படி அதில் சேராது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த 41 விழுக்காடு அந்தத் தொகுப்பின்மீது கணக்கிடப்படுவது. ஒன்றியத்தின் மொத்த வருவாயின்மீது அன்று. அது அரசமைப்பு வகுத்த பங்கு என்பதால், 'மத்திய அரசு அளிக்கும் மானியம்' என்று எழுதும் மாணவரின் விடையையும் நான் திருத்தத்தான் செய்கிறேன். மானியம் வேறு பிரிவில் வருகிறது.

கடைசியாக அந்த மாணவி காட்டிய 12-ஆவது பிரிவு. அங்கே 'அரசு' என்பதில் இந்திய அரசாங்கமும் நாடாளுமன்றமும், மாநில அரசாங்கங்களும் சட்டமன்றங்களும், உள்ளாட்சி அமைப்புகளும், 'பிற அதிகார அமைப்புகளும்' அடங்கும். ஆனால், இந்த விரிந்த பொருள் அடிப்படை உரிமைகளைப் பற்றிய பகுதிக்காக வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசாங்கம் இறையாண்மை உடையது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. மாநகராட்சி இதன்படி அரசு. அதனால் அதற்கு யாரும் தனித் தூதரகம் கேட்பதில்லை. 'பிற அமைப்புகள்' எதுவரை நீளும் என்பதை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காக முடிவு செய்துவருகின்றன. சங்கமாகப் பதிவு செய்யப்பட்டிருந்த ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியை, அதன் நிதியும் நிர்வாகமும் அரசாங்கத்தின் பிடியில் இருந்ததால், 1981-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்சநீதிமன்றம் 'அரசு' என்றே கொண்டது. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாறு ஆகாது என்று 2005-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது.

மாணவி விடையை மீண்டும் எழுதிக்கொண்டு வந்தார். 'இறையாண்மை இல்லாததால், அரசியல் கோட்பாட்டின்படி தமிழ்நாடு ஓர் அரசு அன்று. இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலம். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை அதன் அரசாங்கமும் சட்டப்பேரவையும் 12-ஆவது பிரிவின்படி அரசு' என்று மூன்றே வாக்கியங்கள். எட்டு மதிப்பெண் வழங்கினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: 'சட்டப்பேரவையும் முதலமைச்சரும் இருக்கும் புதுச்சேரி ஏன் மாநிலம் இல்லை, ஐயா?' அதற்கு 239-ஆவது பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வகுப்பு அதிலேயே போயிற்று.