கார்ட்டர் எதிர் போம் வழக்கும் மீயுயர் நன்னம்பிக்கைக் கோட்பாடும்

சுமத்திராவின் மார்ல்பரோ கோட்டை ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் அதனைக் கைப்பற்றும் இடருக்கு எதிராக 1759 அக்டோபர் முதல் ஓராண்டுக்குக் காப்பீடு பெற்றார். 1760இல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டையின் வலுவின்மை மறைக்கப்பட்டதெனக் கூறிக் காப்பீட்டாளர் போம் இழப்பீடு தர மறுத்தார்.

1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு இதனை ஆராய்ந்தார். இடரைக் கணிக்க உதவும் செய்திகள் பெரும்பாலும் காப்பீடு பெறுபவருக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை அவர் மறைப்பின், காப்பீட்டாளர் ஏற்ற இடர் வேறு, உண்மையான இடர் வேறு ஆகிவிடும். ஆகவே வஞ்சக நோக்கமின்றித் தவறுதலாக மறைத்திருப்பினும் ஒப்பந்தம் செல்லாது.

ஆயினும், கோட்டையின் நிலையை ஆளுநர் வெளியிட இயலாதென அறிந்தும் வினவாது இடரை ஏற்றவர், பின்னர் அதனையே காரணம் காட்டலாகாது. தீர்ப்பு கார்ட்டருக்குச் சாதகமாயிற்று. நன்னம்பிக்கை இரு தரப்பையும் பிணித்தது.