வேலை கூடுது, தேதி மட்டும் மாறலையா? நெய்வேலி கான்ட்ராக்டர்கள் கவனத்துக்கு!

நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கன்வேயர் பராமரிப்பு கான்ட்ராக்ட் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர், 30 நாள். 20-வது நாள் முடிவில், "இந்த ரோலர்களையும் மாத்திடுங்க, தேதி மாறாது" என்கிறார் பொறியாளர்.

ஒரு ஆளுக்கு 60 நாள் வேலை அது. இருக்கும் 12 பேரே செய்தால் 5 நாள் கூடுதலாக வேணும். தேதி மாறாதென்றால், மீதி 10 நாளுக்கு இன்னும் 6 பேர், அதற்கான பணமும் வேணும். இந்தக் கணக்கை வைத்துப் பேசுங்க. இல்லாட்டி சுமை ஓவர்டைமாகத் தொழிலாளர் தலையில்தான் விழும். அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம்.

வாய்மொழி உத்தரவை அன்றைக்கே கடிதமாக்கிடுங்க. பெர்மிட்டுக்காகக் காத்திருந்த நாட்களை ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடணும். கால நீட்டிப்பு கடிதத்தைக் கெடு முடியும் முன்பே கொடுங்க. தாமதித்தால், பில்லில் அபராதம் பிடிக்கும்போது வாதாட கையில் ஆதாரம் இருக்காது.