அதிகார இடைவெளியும் தனிமனிதப் போக்கும்: பன்னாட்டு மேலாண்மை வினாக்களில் இரு பண்பாட்டுப் பரிமாணங்கள்

பன்னாட்டு மேலாண்மைத் தேர்வுகளில் அயல்நாட்டு அலுவலகம் ஒன்றை விவரித்து, அங்கே எந்தப் பண்பாட்டுப் பரிமாணம் வெளிப்படுகிறது என்று கேட்கும் வினா மிகப் பழக்கமானது. இத்தகைய வினாக்களில் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுபவை அதிகார இடைவெளியும் தனிமனிதப் போக்கும்தான். இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இவ்விரு பரிமாணங்களும் தோன்றிய ஆய்விலேயே அதற்கான வேர் இருக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட் ஹாஃப்ஸ்டெட் இயந்திரப் பொறியியல் பயின்று, தொழிற்சாலைகளில் பணியாற்றி, பின்னர் சமூக உளவியலுக்கு வந்தவர். 1965இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஐரோப்பியக் கிளைகளுக்கான பணியாளர் ஆய்வுப் பிரிவை உருவாக்கினார். 1967 முதல் 1973 வரை அந்நிறுவனத்தின் பணியாளர்களிடம் இரு சுற்றுகளாக நடத்தப்பட்ட மனப்பான்மைக் கணக்கெடுப்பு 72 நாடுகளைத் தொட்டது. 1,16,000க்கும் மேற்பட்ட வினாத்தாள்கள் சேர்ந்தன. எல்லோரும் ஒரே நிறுவனத்தினர். பெரும்பாலும் ஒத்த வேலைகளைச் செய்பவர்கள். ஆகவே விடைகளில் தெரிந்த வேறுபாட்டுக்கு நாடே முதன்மைக் காரணம் என்பது அவருடைய வாதம். 1971இல் விடுப்பு எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேலாண்மைப் பள்ளியில் கற்பித்தபோது, வேறு நிறுவனங்களிலிருந்து வந்த மேலாளர்களிடமும் அதே வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். நாடுகளின் வரிசை ஏறத்தாழ அப்படியே வந்தது. 40 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த அவருடைய முதன்மை நூல் 1980இல் வெளியானது.

அதிகார இடைவெளிக் குறியீடு மூன்று வினாக்களின் விடைகளிலிருந்து கணக்கிடப்பட்டது. மேலாளரிடம் மாற்றுக் கருத்தைச் சொல்லப் பணியாளர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகிறார்கள் என்பது முதல் வினா. தங்கள் மேலாளர் எந்த வகையில் முடிவெடுக்கிறார் என்பது அடுத்தது. எப்படிப்பட்ட மேலாளரை அவர்கள் விரும்புகிறார்கள் என்பது மூன்றாவது. அதாவது மேலிருப்பவரின் நடத்தையைக் கீழிருப்பவரின் வாயிலாக அளந்தார்கள். தனிமனிதப் போக்கின் அளவீடு வேறு வழியில் வந்தது. வேலையில் எது முக்கியம் என்ற 14 குறிக்கோள்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களில், சொந்த வாழ்வுக்கான நேரம், செயல் சுதந்திரம், சவாலான பணி ஆகியவை ஒருபுறம் திரண்டன. பயிற்சி, நல்ல பணிச்சூழல், திறமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு என நிறுவனம் தர வேண்டியவை மறுபுறம் திரண்டன. முன்னது தனிமனிதப் போக்கு. பின்னது கூட்டுப் போக்கு.

இங்கேதான் வரலாற்றின் முக்கியமான திருப்பம் நேர்ந்தது. 40 நாடுகளின் எண்களைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, இவ்விரண்டும் ஒரே காரணியின் இரு முனைகளாக வந்து நின்றன. அதிகார இடைவெளி மிகுந்த நாடுகளில் பெரும்பாலும் கூட்டுப் போக்கு ஓங்கியிருந்தது. கணக்கு ஒன்றாகக் காட்டியதை ஹாஃப்ஸ்டெட் கருத்தளவில் இரண்டாகப் பிரித்தார். அதிகாரம் உள்ளவரைச் சார்ந்திருப்பது வேறு, தன் குழுவைச் சார்ந்திருப்பது வேறு என்றார். நாட்டின் செல்வ வளத்தின் தாக்கத்தை நீக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிடுவதையும் அவர் ஆதாரமாகக் காட்டினார். இந்தப் பிரிவினை சரியானது என்பதற்குப் பிரான்சு நல்ல சான்று. அங்கே அதிகார இடைவெளி 68, தனிமனிதப் போக்கு 71, இரண்டுமே உயர்வு. பிரெஞ்சு அலுவலகத்தில் மேலதிகாரியின் இடம் உயரமானது. அதே சமயம் சக ஊழியரோடு ஒட்டியே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் குறைவு. மலேசியாவின் எண்களோ 104, 26. முதலில் 0 முதல் 100 வரை வகுத்த அளவுகோலுக்குள் பின்னால் சேர்க்கப்பட்ட நாடு என்பதால்தான் அதன் எண் நூறைத் தாண்டியது.

ஒரு மாதிரி வினாவைப் பார்க்கலாம். நெதர்லாந்துப் பொறியாளர் ஒருவர் மலேசியாவின் பினாங்கில் உள்ள தொழிற்சாலைக்கு மேலாளராகப் போகிறார். அவருடைய நாட்டின் எண்கள் 38, 80. முதல் கூட்டத்தில் புதிய உற்பத்தி முறையில் உள்ள குறைகளைச் சொல்லும்படி கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் ஒருவர் தனியாக வந்து ஒரு கோளாறைக் குறிப்பாகச் சொல்கிறார். அந்த மாதம் மிகச் சிறப்பாக உழைத்தவருக்கு எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் ஊக்கத்தொகை தருகிறார். அவரோ சங்கடப்பட்டு, அதைத் தன் குழு முழுவதற்கும் பகிர்ந்து தரலாமா என்று கேட்கிறார்.

ஊக்கத்தொகைச் செய்தியைப் படிப்பது எளிது. அங்கே பிரச்சினை மேலாளரோடு இல்லை. குழுவிலிருந்து தனித்துத் தெரிவதோடு இருக்கிறது. ஆகவே அது கூட்டுப் போக்கு. கூட்டத்தின் மௌனம்தான் சிக்கலானது. பல விடைத்தாள்கள் அதை உடனே அதிகார இடைவெளி என்று எழுதி முடித்துவிடும். ஆனால் குறையைச் சொன்னால் அதே அறையில் இருக்கும் சக ஊழியரின் பிரிவு தலைகுனியும் என்பதாலும் மௌனம் வரலாம். அப்படியானால் அதுவும் கூட்டுப் போக்கே. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: மேலாளர் அறையில் இல்லாதபோது அவர்கள் தங்களுக்குள் அந்தக் குறையைத் தாராளமாகப் பேசுகிறார்களா? பேசுகிறார்கள் என்றால் தடை மேலிருந்து வருகிறது. அப்போதும் தயங்குகிறார்கள் என்றால் தடை பக்கவாட்டில் இருக்கிறது. இந்த விவரத்தை வினா தராவிட்டால், இரு விளக்கங்களுக்கும் இடம் உண்டு என்று எழுதுவதே நேர்மையான விடை. மேற்பார்வையாளர் தனியாக வந்ததும் இரண்டுக்கும் பொருந்தக்கூடிய குறிதான்.

வினாவே பண்பாட்டை அளந்த நிகழ்வும் உண்டு. 1970களில் பிரான்சின் ஃபோந்தென்ப்ளோ நகரிலுள்ள இன்சியாட் மேலாண்மைப் பள்ளியில் ஓவன் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு நிறுவனத்தின் இரு துறைத் தலைவர்களுக்கு இடையிலான மோதலைத் தேர்வு வினாவாகக் கொடுத்தார். பிரெஞ்சு மாணவர்களில் பெரும்பாலோர் மேலே உள்ள பொதுத் தலைவரிடம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஜெர்மானியர் விதிமுறைகள் தெளிவாக இல்லை என்றார்கள். ஆங்கிலேயர் இருவருக்கும் பழகத் தெரியவில்லை, பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதிகார இடைவெளி ஒரே அளவுதான், 35. ஆகவே அவ்விரு குழுக்களின் வேறுபாட்டை விளக்க, தெளிவின்மையைத் தவிர்க்கும் போக்கு என்ற வேறொரு பரிமாணம் தேவைப்பட்டது. படிக்கும் வினாவில் எல்லாவற்றையும் இரண்டு பரிமாணங்களுக்குள் அடக்க முயல்வது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கண்டனங்களும் வந்தன. 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி, ஒரே நிறுவனத்தின் பணியாளர்களைக் கொண்டு ஒரு நாட்டையே அளக்க முடியுமா என்று கேட்டார். சில நாடுகளில் விடையளித்தவர்கள் மிகக் குறைவு என்பதையும் சுட்டினார். பாகிஸ்தானில் இரு சுற்றுகளிலும் சேர்த்து 107 பேரே விடையளித்திருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பல இனத்தார் வாழும் மலேசியாவுக்கு ஒற்றை எண் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. எண்கள் நாட்டின் சராசரிக்கு உரியவை, தனியாளுக்கு உரியவை அல்ல என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருந்தார். அந்த மேற்பார்வையாளர் மலேசியர், ஆகவே பணிந்து போகிறவர் என்று எழுதும் விடை இந்தப் பிழையைத்தான் செய்கிறது.

ராபர்ட் ஹவுஸ் தலைமையில் நடந்து 2004இல் நூலாக வந்த குளோப் ஆய்வு, 62 சமூகங்களில் இன்று நிலவும் நடைமுறையையும் இருக்க வேண்டிய நிலையையும் தனித்தனியே கேட்டது. அதிகார இடைவெளியைப் பொறுத்தவரை, 7 புள்ளி அளவுகோலில் நடைமுறையின் சராசரி 5.17, மக்கள் விரும்பியதோ 2.75. எனவே வினாவில் வரும் பணியாளரின் மௌனத்தை அவருடைய சம்மதம் என்று எழுத இந்த ஆய்வுகள் இடம் தருவதில்லை.