வெண்பனியில் மறைந்த எழுத்து



நான் கல்லூரியில் பயின்ற நாளில் ஒரு திரைப்படச் சங்கத்தார் அயல்மொழிப் படமொன்றைக் காட்டினர். பாத்திரங்கள் இருண்ட அறையில் பேசியவரை, படத்தின் அடியில் தோன்றிய ஆங்கில வரிகளைத் தடையின்றிப் படித்தோம். அவர்கள் பனி மூடிய வெளிக்கு வந்ததும் வரிகள் மறைந்துபோயின. கதையின் முடிச்சு அவிழ்ந்ததோ அந்தப் பனிவெளியில்தான்! எழுத்து திரையில் இருந்தும் எங்கள் கண்ணுக்குத் தெரியாமற் போனது ஏன்? அதன் வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

பேசாப் படக் காலத்தில் இத்தொல்லை இல்லை. காட்சியை நிறுத்திவிட்டு, கரிய அட்டையில் வெள்ளை எழுத்தால் உரையாடலைக் காட்டினார்கள். 1927இல் பேசும் படம் பெருவெற்றி கண்டது. அதன்பின் பாத்திரம் பேசும்போதே மொழிபெயர்ப்பைக் காட்டவேண்டிய தேவை எழுந்தது. அட்டையை விட்டு எழுத்து படத்தின்மேலேயே வந்து அமர்ந்தது. அதுவே சப்டைட்டில்.

1930களில் நார்வேயிலும் ஹங்கேரியிலும் இதற்கு வழி கண்டார்கள். படச்சுருளின்மேல் மெல்லிய மெழுகைப் பூசுவர். சூடேற்றிய சிறு எழுத்து அச்சை அதன்மீது அழுத்துவர். அச்சுப் பட்ட இடத்தில் மெழுகு உருகி விலகும். பின்பு சுருளை மருந்து நீரில் நனைத்தால், மெழுகு விலகிய இடத்தில் மட்டும் படப்பூச்சு கரைந்து, கண்ணாடிபோல் தெளிந்த எழுத்து எஞ்சும். ஆகவே அந்த எழுத்து மையால் எழுதியதன்று; படத்தில் இட்ட துளை எனலாம். விளக்கொளி அதன் வழியே முழுமையாகப் பாய்ந்து திரையில் வெண்மையாகத் தெரிந்தது.

தொல்லையின் வேரும் இங்கேதான் இருக்கிறது. பனியும் வெள்ளை மேசைவிரிப்பும் படச்சுருளில் எப்படிப் பதிகின்றன? அவையும் பூச்சு மிகக் குறைந்த, தெளிந்த பகுதிகளே. துளைக்குள் துளையிட்டால் யாருக்குத் தெரியும்? எழுத்துக்குக் கரிய கரை கட்டலாமென்றால், பூச்சைக் கரைக்கத் தெரிந்த மருந்துக்குக் கருமையைச் சேர்க்கத் தெரியாது. 1980களின் பிற்பகுதியில் லேசர்க் கதிர் வந்து எழுத்தைக் கூர்மையாக்கியது. ஆயினும் அதுவும் பூச்சை நீக்கும் வேலையையே செய்தது.

தொலைக்காட்சியில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் 1980இல் செவித்திறன் அற்றவர்களுக்காக மறைவரிச் சேவை தொடங்கியது. வீட்டிலிருந்த கருவி வெள்ளை எழுத்தை ஒரு கரிய பெட்டிக்குள் வரைந்தது. பின்னால் பனியிருந்தாலும் இலை அடர்ந்த காடிருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பேசாப் படத்தின் அட்டையே சிறு உருவில் திரும்பி வந்தது போலாயிற்று. ஆனால் பெட்டி தன் பின்னுள்ள படத்தை மறைத்தது. பேசுபவரின் வாயசைவை நோக்கிப் பொருளறியும் ஒருவருக்கு, பெட்டி அவ்வாயை மறைத்தால் அது சிறிய இழப்பா?

பெட்டியைப் பாதி ஒளி புகுவதாகச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் உள்ள ஒளி வேற்றுமை 21க்கு 1. சிறிய எழுத்தைப் படிக்கக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டுமென்பது இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக நெறி. தூய வெண்மையின்மேல் பாதிக் கருமையுள்ள பெட்டியை வைத்தால் வேற்றுமை ஏறத்தாழ 4க்கு 1 ஆகிவிடும், அது போதாது. முக்கால் கருமை வைத்தால் 10க்கு 1 கிடைக்கும்.

1996இல் விற்பனைக்கு வந்த டிவிடி வட்டு வேறொரு வழியைப் பரவலாக்கியது. அதன் வரிகளில் ஒரே நேரத்தில் நான்கு நிறங்கள் இடம்பெறலாம். எழுத்துக்கு வெள்ளை, அதன் கரைக்குக் கறுப்பு, இரண்டுக்கும் இடையே ஒரு சாம்பல், எஞ்சிய இடம் வெறுமை. வேட்டிக்குக் கரை போல எழுத்தைச் சுற்றிக் கரிய கோடு ஓடியது. பனியில் வெள்ளை கரைந்தாலும் கரை நின்று வடிவத்தைக் காட்டும். இருளில் கரை கரைந்தாலும் வெள்ளை நின்று காட்டும்.

நிழல் இதற்கு இளையது. அது வலப்புறமும் கீழ்ப்புறமும் மட்டும் விழுவதால், எழுத்தின் இடப்பக்கம் பனியோடு கலந்துவிடும். ஆதலால் நிழல் கரைக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது. கரையும் அளவு மீறக் கூடாது. தடித்த கரை அடுத்த எழுத்தின் உடலைத் தின்னும். நம் 'ண', 'ஞ' போன்ற எழுத்துக்களின் சுழிக்குள் இருள் அடைந்துவிடும். எனவே வரி முழுவதற்கும் கரைகளை முதலில் வரைந்து, அவற்றின்மேல் எழுத்துக்களைப் பதிப்பதே முறை. அச்சிட்ட செய்தித்தாளோ இலைக் கூட்டமோ பின்னால் இருந்தால் கரை மட்டும் போதாது. அங்கே பெட்டிதான் வேண்டும்.

நீங்கள் ஒரு குறும்படத்துக்கு வரிகள் அமைக்க நேர்ந்தால், இருண்ட காட்சியில் சோதித்துவிட்டு மனநிறைவு அடையாதீர்கள். படத்திலேயே மிக வெளிச்சமான காட்சியில் நிறுத்தி, அறையின் கடைசி வரிசையில் அமர்ந்து படித்துப் பாருங்கள். அன்று நாங்கள் அமர்ந்திருந்த இடமும் அதுதான்.