மாட்டுக் கணக்கு மனிதருக்கு வந்த கதை

கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தச் சரிவில் எத்தனை உருப்படி மேயலாம், எப்போது அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்பது அது. புல்லின் தூர் வெளியே தெரியத் தொடங்கினால் தாமதித்துவிட்டோம் என்று பொருள். மேகமலைக் காட்டு மேய்ச்சல் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனதை இங்கே எல்லோரும் அறிவார்கள். ஆனால் இன்று சரணாலயப் பாதைகளில் மனிதர்களை எண்ணி அனுப்பும் ‘தாங்குதிறன்’ என்ற கணக்கும் மாட்டு மேய்ச்சலிலிருந்துதான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தச் சொல் முதலில் கப்பல்களுக்கு உரியது. ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு தாங்கும் என்பதைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்கப் புல்வெளிகளில் மாடுகளை எண்ணுவோர் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்டுப் பூங்காக்களில் கூட்டம் பெருகியபோது, மாடு இருந்த இடத்தில் மனிதனை வைத்துப் பார்க்கத் தோன்றியது. 1964இல் ஆலன் வேகர் என்ற வனவியலாளர் இதைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். மண்ணையும் செடியையும் அளந்தால் எண் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தில்தான் அவர் தொடங்கினார். போகப்போக அது போதாது என்று கண்டார். எவ்வளவு தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மண் அதைச் சொல்லாது.

அப்படியானால் மண் என்னதான் சொல்லும்? டேவிட் கோல், நீல் பேஃபீல்ட் என்ற இருவர் 1993இல் இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார்கள். யாரும் நடக்காத இடத்தில் அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் சில பட்டைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டையில் 25 முறை நடக்க வேண்டும். அடுத்தவற்றில் 75, 200, 500 முறை. ஒரு பட்டையில் யாரும் கால் வைக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்தும், ஓராண்டு கழித்தும் எவ்வளவு செடி மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பல நாடுகளில் செய்து பார்த்ததில் ஒரே போக்குத் தெரிந்தது. சேதத்தின் பெரும்பங்கு முதல் சில நடைகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருபவர்கள் ஏற்கெனவே செத்த புல்லின் மேல்தான் நடக்கிறார்கள். ஆகவே பழகிய பாதையில் 200 பேரை 100 ஆகக் குறைத்தால் சேதம் பாதியாகாது. பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். புதிதாக ஒரு கிளைத்தடம் விழுந்தாலோ, சிலர் நடந்தாலே போதும் அதை நிலைக்க வைக்க. அருகம்புல்லைப் போலத் தரையோடு படரும் புல் மிதியைத் தாங்கும். நம் மலைச் சரிவுகளில் கொத்துக் கொத்தாக உயர்ந்து நிற்கும் புல் சட்டென்று ஒடிந்துவிடும். எனக்கு இந்த ஆய்வு சொல்லும் சேதி இதுதான்: ஆளை எண்ணுவதற்கு முன்னால், நடப்பவர் கால் தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் வாசலில் நிற்கும் வனக்காவலருக்கு ஓர் எண் தேவைப்படுகிறதே! அதை 1992இல் மிகேல் சிஃபுவெண்டெஸ், கோஸ்டாரிக்காவில் இருந்தபடி, மூன்று படிகளாக வகுத்துக் கொடுத்தார். அதே வழியிலான கணக்கைத் தேசியப் புலிகள் காப்பக ஆணையம் 2012 அக்டோபரில் வெளியிட்ட சுற்றுலா வழிகாட்டுதல்களில் சேர்த்தது. புலிக் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது.

நம் மலையில் நான்கு கிலோமீட்டர் பாதை ஒன்றைக் கற்பனை செய்து போட்டுப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 4,000 பேர் நிற்கலாம். பாதை ஆறு மணி நேரம் திறந்திருக்கிறது, நடந்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் இரண்டு முறை நிரப்பலாம்: 8,000 பேர். இது திருவிழாக் கூட்டம். இரண்டாம் படியில் குறைக்கத் தொடங்குகிறோம். பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்கிடையே இடைவெளி விட்டு, குழுவுக்கு 200 மீட்டர் கொடுத்தால் 20 குழு. இரண்டு நிரப்பலில் 400 பேர். பாதையில் கால்பங்கு மண் அரிக்கும் செங்குத்து என்றால் 300. தீக்காலம் இரண்டு மாதம் மூடல் என்றால் 250. யானை நடமாட்டத்துக்கு மூன்று மாதத்தைக் கழித்தால் ஏறக்குறைய 187. மூன்றாம் படி நிர்வாகத்தின் கை பலம். பத்து வழிகாட்டிகள் தேவை, மூன்று பேர்தான் உண்டு என்றால் 56.

8,000இல் தொடங்கி 56இல் முடியும்போது மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள். நாளை இன்னும் ஏழு வழிகாட்டிகளை வேலைக்கு எடுத்தால் எண் 187க்கு ஏறிவிடும். புல்லோ மண்ணோ ஒரு துளிகூட மாறியிருக்காது. இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. தீக்காலத்தை ‘பன்னிரண்டில் பத்து’ என்று பெருக்கி ஆண்டு முழுவதுக்கும் பரப்பிவிட்டோம். மார்ச் மாதத்தில் காய்ந்த புல் சரிவின் தாங்குதிறன் 250 அல்ல. அது பூஜ்யம்.

இதைத் தேனி மாவட்டம் அறிந்த விதம் கொடியது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்று அந்தச் சரிவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வைத்து எந்தச் சூத்திரமும் எச்சரித்திருக்காது. சராசரி எடுக்கக் கூடாத இடத்தில் சராசரி எடுத்தால் என்னவாகும் என்பதை நான் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இடம்பெற்றது. முன்பதிவு, கூடவே வரும் வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு.

பள்ளத்தாக்கின் மறுமுனையில் இதற்கு நேரெதிரான ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் வழி திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், நம் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். எந்தச் சூத்திரப்படியும் இது மிகை. ஆனால் மிதி ஆய்வின் கண்ணால் பார்த்தால், ஒரே நாள், ஒரே தடம், பிறகு ஓராண்டு ஓய்வு என்பது புல்லுக்கு மோசமான பேரம் அல்ல. இடறும் இடம் வேறு: சித்திரையில் மிதிபட்டு இறுகிய மண் மேல் ஆனியில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. மண்ணுக்குள் போக முடியாத நீர் தடத்தையே ஓடையாக்கிக்கொள்ளும். ஓடையில் நடக்க விரும்பாதவர் அடுத்த ஆண்டு பக்கத்துப் புல்லில் கால் வைப்பார், தடம் இரண்டாகும்.

1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ‘எத்தனை பேர்’ என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, ‘எவ்வளவு மாற்றம் வரை பொறுப்போம்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைச் செய்யப் பெரிய கருவி வேண்டாம். பாதையில் இருபது இடங்களை முளையடித்துக் குறித்து, ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் தடத்துக்குக் குறுக்கே நாடாவை இழுத்துப் பிடித்து அகலத்தையும் நடுவிலுள்ள பள்ளத்தின் ஆழத்தையும் குறிக்கலாம். எத்தனை மரவேர் வெளியே தெரிகிறது, எத்தனை கிளைத்தடம் விழுந்திருக்கிறது என்று எண்ணலாம். எந்த அளவைத் தாண்டினால் அந்தத் துண்டை மூடிக் கல்படி போடுவது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். அந்த நாடாவைப் பிடிக்க, தூர் தெரியும்போதே மாட்டைக் கிளப்பிப் பழகிய ஒரு கிடைக்காரரை அழைத்துப்போனால் முதல் நாளே வேலை நடக்கும்.