அரமும் சுழற்சியும்: பட்டறைக் கல்வியில் அனுபவவழிக் கற்றலின் வரலாறு

தொழிற்பயிற்சிப் பட்டறையில் செய்வதற்குக் குறைவே இல்லை. காலை முதல் மாலை வரை மாணவர் அராவுகிறார், அறுக்கிறார், துளையிடுகிறார். ஆனால் செய்ததைத் திரும்பிப் பார்க்கவும் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் அங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இந்தக் குறை தற்செயலானதல்ல. பட்டறைக் கல்வி ஒரு மரபிலிருந்தும், செய்தல், சிந்தித்தல், கருத்துருவாக்கல், சோதித்தல் என்னும் நான்கு படிச் சுழற்சி வேறொரு மரபிலிருந்தும் வந்தன என்பதே இதன் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முதல் மரபு மாஸ்கோவில் தொடங்குகிறது. அங்கிருந்த பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் 1868இல் விக்டர் டெல்லா-வோஸ் ஒரு புதிய பயிற்சி முறையை வகுத்தார். அதுவரை தொழில் கற்க வந்தவர் ஒரு மேஸ்திரியின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று, கண்ணில் பட்டதைக் கற்றுக்கொண்டார். டெல்லா-வோஸ் பயிற்சிப் பட்டறையை உற்பத்திப் பட்டறையிலிருந்து பிரித்தார். ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செயல்களாக உடைத்து, எளியதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசைப்படுத்தினார். ஒரு மாதிரியைச் சரியாகச் செய்து முடித்த பிறகே மாணவர் அடுத்ததற்குப் போகலாம். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் இம்மாதிரிகளைப் பார்த்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள் தம் கழகத்திலும் இம்முறையைப் புகுத்தினார். செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்ட் கைத்தொழிற் பயிற்சிப் பள்ளியை நிறுவினார்.

இம்முறையின் நன்மை பெரியது. ஒரே ஆசிரியர் ஒரு வகுப்பையே பயிற்றுவிக்க முடிந்தது. இந்தியாவில் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் பிட்டர் பாடத்திலும் இதே படிவரிசையைக் காண்கிறோம். குறியிடுதல், அராவுதல், மூலை சரிபார்த்தல், பிறகு ஒன்றோடொன்று பொருந்தும் ஜாப் என்று அது நகர்கிறது. ஆனால் ஜாப் தவறினால் ஏன் தவறியது என்று மாணவரே ஆராய்வதற்கு இவ்வரிசையில் தனி இடம் இல்லை. தவறினால் மறுபடி செய்ய வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் மரபு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் தச்சும் சமையலும் நெசவும் பாடங்களாக இருந்தன. 1899இல் வெளியான நூலில் அவர் ஒரு வகுப்பை விவரிக்கிறார். பிள்ளைகள் பருத்திக் காயிலிருந்தும் விதையிலிருந்தும் பஞ்சைக் கையால் பிரித்தார்கள். அரை மணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்சு கூடத் தேறவில்லை. தம் முன்னோர் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தியது ஏன் என்பது அவர்களுக்கு அப்போது விளங்கியது. இங்கே கைவேலை ஒரு கேள்விக்கு விடை தேடும் வழியாகிறது. டெல்லா-வோஸின் மாணவருக்கு அந்தக் கேள்வி கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது. 1946இல் கனெக்டிகட் மாநிலத்தில் இன உறவுகள் குறித்த பயிற்சி முகாம் ஒன்றை கர்ட் லெவின் நடத்தினார். பகலில் நடந்ததை ஆய்வாளர்கள் மாலையில் கூடி விவாதிப்பது வழக்கம். பயிற்சிக்கு வந்திருந்த சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்றார்கள். தம் நடத்தை பற்றிய குறிப்பைக் கேட்ட ஒரு பெண் அதை மறுத்துத் தம் தரப்பைச் சொன்னார். செய்தவரும் பார்த்தவரும் ஒரே நிகழ்வை எதிரெதிரே வைத்துப் பேசும்போது கற்றல் பிறக்கிறது என்பதை அந்த மாலைகள் காட்டின. லெவின் 1947 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டுக் கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் அவருடைய சகாக்கள் இம்முறையைத் தொடர்ந்தார்கள்.

டூயி, லெவின், பியாஜே ஆகிய மூவரையும் இணைத்து டேவிட் கோல்ப் 1984இல் தம் நூலை வெளியிட்டார். இன்று ஆசிரியர் பயிற்சிகளில் வட்டமாக வரைந்து காட்டப்படும் நான்கு படிகள் அவர் தந்த வடிவமே. டூயியின் சிந்தனைக்கு இவ்வட்டம் நியாயம் செய்யவில்லை என்று 2000இல் ரெயோ மியெத்தினென் விமர்சித்தார். டூயியிடம் சிந்தனை ஒரு தடங்கலில் பிறக்கிறது. வட்டத்திலோ அது அட்டவணைப்படி வருகிறது. இது பட்டறைக்கு மிகவும் பொருந்தும் விமர்சனம் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிட்டர் மாணவர் ஒருவர் 50 மி.மீ. சதுர முகமுள்ள இரும்புக் கட்டியை 300 மி.மீ. அரத்தால் சமமாக அராவுகிறார். முடித்ததும் மூலைமட்டத்தின் அலகை முகத்தின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். நடுவில் ஒளி தெரியவில்லை. இரு ஓரங்களிலும் கசிகிறது. முகம் நடுவே புடைத்திருக்கிறது. அரம் தள்ளிய திசையில் பார்த்தால் புடைப்பு தெளிவாக இருக்கிறது. குறுக்கே பார்த்தால் ஏறக்குறைய இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிப்பதுதான் இரண்டாம் படி. குறை அரம் தள்ளும் முறையில் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

மூன்றாம் படியில் மாணவர் அரத்தை ஒரு நெம்புகோலாக வரைகிறார். கட்டி அதன் தாங்குபுள்ளி. தள்ளத் தொடங்கும்போது முன்கை கட்டியிலிருந்து 50 மி.மீ. தூரத்திலும், பிடியிலிருக்கும் பின்கை 250 மி.மீ. தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அரம் சாயாமல் நிற்க முன்கை ஐந்து மடங்கு அதிகமாக அழுத்த வேண்டும். நடுவில் இரண்டும் சமம். முடிவில் கணக்கு தலைகீழாகிறது. இரு கைகளும் கடைசிவரை ஒரே அழுத்தம் கொடுத்தால் தொடக்கத்தில் பிடி தாழ்ந்து அருகிலுள்ள ஓரம் தேயும். முடிவில் நுனி தாழ்ந்து எதிர் ஓரம் தேயும். எஞ்சுவது நடுப்புடைப்பு.

நான்காம் படியில், அழுத்தத்தை முன்கையிலிருந்து பின்கைக்குப் படிப்படியாக மாற்றினால் புடைப்பு குறையும் என்று மாணவர் முன்கூட்டியே எழுதிவிட்டு அராவுகிறார். பிறகு சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் ப்ளூவை மெல்லப் பூசி முகத்தைத் தேய்க்கிறார். முன்பு நடுவில் மட்டும் ஒட்டிய நீலம் ஓரங்களுக்கும் பரவினால் கணிப்பு சரி. பரவாவிட்டால் வைஸ் முழங்கை உயரத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே சுழற்சி மறுபடி தொடங்குகிறது.

இம்முறை எப்போது வெற்றுச் சடங்காகிறது என்பதை ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே சொல்லலாம். ‘இனிமேல் கவனமாக அராவ வேண்டும்’ என்று இருந்தால் சிந்தனை நடக்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சோதிக்க வழியே இல்லை. வகுப்பு முழுவதும் ஒரே வாக்கியம் இருந்தால் கரும்பலகையிலிருந்து எழுதியது. எந்தக் கை, எந்த இடத்தில், எவ்வளவு என்று இருந்தால்தான் அடுத்த ஜாப்பில் அதைப் பரிசோதிக்கலாம்.

எல்லாவற்றையும் மாணவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதும் தவறு. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதியவரின் நினைவாற்றலுக்குச் சுமையாகிறது என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் காட்டிய எதிர்வாதத்தைப் பட்டறை ஆசிரியர் ஏற்க வேண்டும். லேத்தின் சக்கில் சாவியை விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்பதை யாரும் அனுபவத்தில் கற்கக் கூடாது. பிழை மலிவாகவும் அதன் தடயம் இரும்பிலேயே தெரிவதாகவும் இருக்கும் இடத்தில்தான் இச்சுழற்சிக்கு வேலை. அராவுதல் அப்படிப்பட்ட இடம்.

ஆகவே பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். தவறிய ஜாப்பை அன்றே கழிவுப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மறுநாள் காலை, புதிய இரும்பைக் கொடுப்பதற்கு முன், அந்தப் பழைய கட்டியையும் ஒரு மூலைமட்டத்தையும் மாணவர் கையில் கொடுத்து, கால் மணி நேரம் வெளிச்சத்தருகே நிற்க விடுங்கள்.